காய்ச்சல் இல்லாத டைபாய்டு

"எனக்கு ஒன்னும் இல்லையே தம்பி. காய்ச்சல் வந்தது பேரனுக்கு. என் மலத்தை எதுக்குக் கேக்கறாங்க?"

தர்மபுரியில் நான் வேலை பார்க்கும் ஆய்வகத்துக்கு டாக்டரின் சீட்டோடு வந்த ஒரு அக்கா கேட்ட கேள்வி இது. பாலக்கோடு பக்கத்துக் கிராமம். ஐம்பது வயதைத் தாண்டியவர், கல்யாணச் சமையல் குழு ஒன்றில் வேலை செய்கிறவர். அவர் வீட்டில் இரண்டு வருஷத்துக்குள் மூன்று பேருக்கு டைபாய்டு. முதலில் மருமகள், ஏழெட்டு மாதம் கழித்து மகன், இப்போது பேரன். குழாய்த் தண்ணீரைச் சோதித்தார்கள், கோளாறு இல்லை. அதே குழாயில் பிடித்துக் குடிக்கும் பக்கத்து வீடுகளில் ஒருவருக்கும் காய்ச்சல் இல்லை. இந்த இரண்டு தகவலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த டாக்டர், வீட்டில் காய்ச்சல் வராத பெரியவர் யார் என்று கேட்டார். அப்படித்தான் அக்காவின் கைக்கு அந்தச் சீட்டு வந்தது.

அவர் கேட்டது நியாயமான கேள்வி. அதற்கு எங்கள் கவுன்ட்டரில் நின்றுகொண்டு இரண்டு நிமிஷத்தில் பதில் சொல்ல முடியவில்லை. அன்று சொல்லாமல் விட்டதையெல்லாம் இங்கே எழுதுகிறேன்.

டைபாய்டை உண்டாக்கும் கிருமியின் பெயர் சால்மோனெல்லா டைஃபி. இதற்கு மனிதனை விட்டால் வேறு வீடு கிடையாது. ஆடு, மாடு, கோழி, எலி, கொசு எதிலும் இது குடியிருப்பதில்லை. தண்ணீரிலும் மண்ணிலும் கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்கும், அவ்வளவுதான். அதனால் ஓர் ஊரில் டைபாய்டு அடங்கிப்போய், ஆறு மாதம் கழித்துத் திரும்ப வந்தால், நடுவில் இருந்த ஆறு மாதமும் அந்தக் கிருமி எங்கே இருந்தது என்று கேட்டாக வேண்டும். வெளியூரிலிருந்து யாராவது கொண்டுவந்திருக்கலாம். இல்லையென்றால் உள்ளூரிலேயே ஏதோ ஒரு மனித உடம்புக்குள் இருந்திருக்கிறது. அந்த உடம்புக்காரர் படுத்த படுக்கையாக இருந்திருந்தால் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். தெரியவில்லை என்றால், அவர் நன்றாக நடமாடிக்கொண்டு இருந்தவர்.

நன்றாக இருக்கும் உடம்பில் இந்தக் கிருமி எங்கே ஒளிந்துகொள்கிறது? பெரும்பாலும் பித்தப்பையில்.

சாப்பாட்டோடு வயிற்றுக்குள் போன கிருமி சிறுகுடலின் சுவரைத் துளைத்து ரத்தத்துக்குப் போகிறது. அங்கிருந்து கல்லீரல், மண்ணீரல், எலும்பு மஜ்ஜை என்று பரவுகிறது. காய்ச்சல் அடிப்பது இந்தக் கட்டத்தில்தான். கல்லீரலில் சுரக்கும் பித்தநீரோடு சேர்ந்து அது பித்தப்பைக்கும் போய்விடுகிறது. பித்தநீர் சோப்பு மாதிரி கொழுப்பைக் கரைக்கக்கூடியது, அதனால் பல கிருமிகள் அதில் செத்துப்போகும். டைஃபி சாகாது. பித்தப்பையில் கல் இருந்துவிட்டால் அதற்கு இன்னும் வசதி. கல்லின் மேல் ஒட்டிக்கொண்டு, பிசின் மாதிரி ஒரு படலத்தைச் சுரந்து, அதற்குள் கூட்டமாக உட்கார்ந்துகொள்ளும். தண்ணீர்த் தொட்டியின் உள்சுவரில் கையை வைத்தால் வழுக்குமே ஒரு பாசிப்படலம், ஏறக்குறைய அதுபோல. தொட்டியில் குளோரின் போட்டாலும் தேய்க்காமல் அந்த வழுக்கல் போகாது. இங்கேயும் அப்படித்தான். ரத்தத்தில் ஓடும் நோய் எதிர்ப்பு அணுக்களும் ஆன்டிபயாடிக்கும் அந்தப் படலத்துக்குள் சரியாகப் போய்ச் சேர்வதில்லை.

சரி, உடம்புக்குள் உயிரோடு கிருமி இருக்கிறதே, காய்ச்சல் ஏன் வருவதில்லை? அது இருக்கும் இடம்தான் காரணம். காய்ச்சல் என்பது கிருமி ரத்தத்திலும் திசுக்களிலும் புகுந்தபோது உடம்பு போடும் சண்டை. பித்தப்பையிலிருந்து குடலுக்குப் போகும் வழி ஒரு குழாய்தான். அந்தக் குழாயின் உட்பக்கத்தோடு ஒழுகி, குடல் வழியாக வெளியே போகும் கிருமி எதையும் துளைப்பதில்லை. ஏற்கெனவே ஒருமுறை அதோடு போராடிய உடம்பு, அது திரும்ப ரத்தத்துக்குள் நுழையவும் எளிதில் விடாது. ஆகவே உள்ளே இருப்பதும் வெளியே போவதும் அந்த மனிதருக்குத் தெரியவே தெரியாது.

டைபாய்டு வந்து தேறியவர்கள் சில வாரங்கள் வரை மலத்தில் கிருமியை வெளியேற்றுவது சாதாரணம். சரியான மருந்து கிடைக்காதவர்களில் பத்தில் ஒருவர் மூன்று மாதம் வரைகூட வெளியேற்றுவார். நூற்றுக்கு இரண்டிலிருந்து ஐந்து பேர் வரை ஒரு வருஷம் தாண்டியும் நிறுத்துவதில்லை. இவர்களைத்தான் நிரந்தர நோய் சுமப்பவர்கள், அதாவது கேரியர்கள் என்கிறோம். ஆண்களைவிடப் பெண்களும், இளைஞர்களைவிட நடுவயது கடந்தவர்களும் இதில் அதிகம். பித்தப்பைக் கல்லும் அதே ஆட்களுக்குத்தான் அதிகம் வருகிறது. இன்னொன்று, கேரியர்களில் ஏறக்குறைய கால்வாசிப் பேருக்குத் தங்களுக்கு டைபாய்டு வந்த ஞாபகமே இருப்பதில்லை. சின்ன வயதில் வந்த சாதாரணக் காய்ச்சல் என்று அது கடந்துபோயிருக்கும். அக்காவும் அப்படித்தான் சொன்னார்: "எனக்கு டைபாய்டே வந்ததில்லையே."

இந்த விஷயம் உலகத்துக்கு முதலில் பெரிதாகத் தெரியவந்ததும் ஒரு சமையல்காரரால்தான். 1906 கோடையில் நியூயார்க் பக்கம் ஆய்ஸ்டர் பே என்ற ஊரில், ஒரு வங்கிக்காரர் குடும்பம் வாடகைக்கு எடுத்திருந்த வீட்டில் இருந்த 11 பேரில் 6 பேருக்கு ஆகஸ்ட் கடைசியில் டைபாய்டு வந்தது. அது வசதியானவர்களின் ஊர், அங்கே டைபாய்டு அபூர்வம். வீட்டுக்காரர் கவலைப்பட்டு ஜார்ஜ் சோப்பர் என்ற சுகாதாரப் பொறியாளரை வரவழைத்தார். தண்ணீர், பால், கழிவறை எல்லாவற்றையும் பார்த்தாயிற்று. கடற்சிப்பிமேலும் சந்தேகம் வந்து போனது. எதுவும் ஒத்துவரவில்லை. அப்புறம் சோப்பர் தேதிகளைப் பார்க்க ஆரம்பித்தார். ஆகஸ்ட் 4 அன்று அந்த வீட்டில் சமையல்காரர் மாறியிருக்கிறார். மூன்று வாரம் கழித்து முதல் காய்ச்சல். அதற்குப் பிறகு கொஞ்ச நாளில் அந்தச் சமையல்காரர் வேலையை விட்டுப் போயும் விட்டார்.

அவர் பெயர் மேரி மாலன், அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்தவர். அவர் முன்பு வேலை பார்த்த வீடுகளை சோப்பர் ஒவ்வொன்றாகத் தேடிப் போனார். எட்டுக் குடும்பங்களில் ஏழில் டைபாய்டு வந்திருந்தது. ஆனால் ஒன்று இடித்தது. சமையல்காரர் கைபட்ட பண்டம் அடுப்பில் வெந்துவிட்டால் கிருமி செத்துப்போகுமே? வீட்டில் எல்லோரும் விரும்பிச் சாப்பிட்ட ஒரு பண்டத்தில் அதற்கு விடை இருந்தது. பச்சையாக நறுக்கிய பீச் பழம் போட்டு மேரி செய்யும் ஐஸ்கிரீம். பழத்தை நறுக்கியது கை. அதற்குப் பிறகு அது நெருப்பைப் பார்க்கவே இல்லை.

நம் ஊரில் இதைப் புரிந்துகொள்ள இட்லித் தட்டு போதும். கேரியராக இருப்பவர் கையால் மாவைக் கரைத்து இட்லி ஊற்றினாலும் ஆவியில் வெந்த இட்லியால் ஒன்றும் வராது. கொதிக்கும் சாம்பாராலும் வராது. அதே கையால் துருவி, அரைத்து, தண்ணீர் விட்டுக் கலந்து, காலை ஆறு மணியிலிருந்து பதினொரு மணிவரை வெளியில் இருக்கும் தேங்காய்ச் சட்னியால் வரலாம். நறுக்கிய வெங்காயம், வெள்ளரிப் பிஞ்சு, மிளகாய்ப்பொடி தூவிய மாங்காய்ப் பத்தை, ஜூஸ் இதெல்லாம் சட்னி வகைதான்.

அக்காவின் குழு வைகாசி மாதத்தில் எத்தனை முகூர்த்தத்துக்குப் போகும், யார் யார் சாப்பிடுவார்கள் என்று யாரும் குறித்துவைப்பதில்லை. அதனால் ஒரு கணக்கை நாமே போட்டுப் பார்ப்போம். நடந்ததாகச் சொல்லவில்லை, நடக்கக்கூடியது.

கிருஷ்ணகிரியில் ஒரு மண்டபம். மே 20, மாலை ரிசப்ஷன், 400 பேர். சீசன் என்பதால் மாம்பழத்தை நறுக்கிப் போட்டு, காய்ச்சி ஆறவைத்த கஸ்டர்டு பாலில் கலந்து, ஃப்ரூட் சாலட். பகல் பன்னிரண்டரை மணிக்குக் கலந்து அண்டாவில் மூடிவைக்கிறார்கள். ஃப்ரிட்ஜில் அவ்வளவு பெரிய அண்டாவுக்கு இடமில்லை. பரிமாறுவது இரவு ஏழு மணிக்கு.

கேரியர் ஒருவரின் ஒரு கிராம் மலத்தில் பத்துக் கோடி டைஃபி இருக்கலாம், சிலரிடம் அதைவிடவும் அதிகம். கழிப்பறைக்குப் போய்விட்டு வெறும் தண்ணீரில் கை கழுவிய ஒருவரின் நகக்கண்ணில் ஒரு கிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கு மிஞ்சினால் போதும், கண்ணுக்கே தெரியாது. அதில் ஒரு லட்சம் கிருமி. அது முழுவதும் அண்டாவுக்குள் போனதாக வைத்துக்கொள்வோம். உடனே பரிமாறியிருந்தால் 400 கப்புக்கு ஆளுக்கு 250 கிருமி. ஆனால் மே மாத வெயிலில் ஆறரை மணி நேரம் அது பாலிலும் சர்க்கரையிலும் இருந்திருக்கிறது. முதல் ஒன்றரை மணி நேரம் புது இடத்துக்குப் பழகிக்கொள்ளும். அதற்குப் பிறகு 40 நிமிஷத்துக்கு ஒருமுறை இரட்டித்தால், ஏழு மணிக்குள் ஏழு தடவை இரட்டித்திருக்கும். அதாவது 128 மடங்கு. கப்புக்கு 250 இருந்தது இப்போது 32,000.

இந்த எண்ணிக்கைக்கு என்ன அர்த்தம்? 1960களில் அமெரிக்காவின் மேரிலாந்தில், சம்மதித்து முன்வந்தவர்களுக்குப் பாலில் கலந்து இந்தக் கிருமியைக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். அந்தக் கிருமியே ஒரு கேரியரின் பித்தப்பையிலிருந்து எடுத்ததுதான். ஆயிரம் கிருமி குடித்தவர்களில் யாருக்கும் நோய் வரவில்லை. ஒரு லட்சம் குடித்தவர்களில் கால்வாசிக்குக் கொஞ்சம் மேல் வந்தது. ஒரு கோடி குடித்தவர்களில் பாதிப் பேருக்கு வந்தது. அவர்கள் எல்லாம் திடமான ஆட்கள். குழந்தைகளுக்கும், அசிடிட்டி மாத்திரையால் வயிற்று அமிலம் குறைந்தவர்களுக்கும் அதைவிடக் குறைவே போதும். நம் 32,000 அந்த ஆயிரத்துக்கும் லட்சத்துக்கும் நடுவில் இருக்கிறது. ஆக, 400 பேரில் பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆகாது. ஏழெட்டுப் பேர் மாட்டிக்கொள்வார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

இங்கேதான் கேரியர் ஏன் பிடிபடுவதில்லை என்பது புரியும். சாப்பாட்டில் விஷம் கலந்தால் அன்று இரவே மண்டபத்தில் வாந்தி எடுப்பார்கள், எல்லோருக்கும் தெரிந்துவிடும். டைபாய்டு அப்படியில்லை. உள்ளே போனதிலிருந்து காய்ச்சல் தொடங்கப் பொதுவாக 8 முதல் 14 நாள் ஆகும், சிலருக்கு ஒரு மாதம் வரைகூட. மே 20 அன்று சாப்பிட்டவருக்கு மே 28க்கும் ஜூன் 3க்கும் நடுவில் காய்ச்சல் ஆரம்பிக்கும். அதற்குள் விருந்தாளிகள் அவரவர் ஊருக்குப் போயிருப்பார்கள். ஒருவர் பெங்களூரில் கட்டட வேலையில், இருவர் ஓசூர் கம்பெனியில், ஒருவர் அரூரில், ஒரு பாப்பா பென்னாகரத்தில். ஆளுக்கு ஒரு டாக்டர். ஒவ்வொரு டாக்டர் முன்னாலும் ஒரே ஒரு நோயாளி. "நேத்து என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டால் இந்தக் கல்யாணம் வராது. இரண்டு வாரத்துக்கு முந்தைய சாப்பாட்டைக் கேட்டால்தான் வரும். எல்லோரும் அவரவர் ஊர்த் தண்ணீரையே குறை சொல்லியிருப்பார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. அதே குழு அந்த மாதம் இன்னும் நான்கு கல்யாணத்துக்குச் சமைத்திருக்கும். அதில் ஒன்றிலும் யாருக்கும் வராமல் இருக்கலாம். ஃப்ரூட் சாலட் இல்லாத கல்யாணமாக இருக்கலாம், அல்லது அந்த வாரம் கிருமியே மலத்தில் வராமல் இருந்திருக்கலாம். பித்தப்பையில் இருக்கும் படலம் தினமும் ஒரே அளவில் உதிர்வதில்லை. சில வாரம் கொத்தாக உதிரும், சில வாரம் ஒன்றும் இருக்காது. மேரி மாலனை 1907இல் பிடித்து ஒரு தீவில் தனியாக வைத்து மலத்தைத் திரும்பத் திரும்பச் சோதித்தார்கள். 163 சோதனையில் 120இல் கிருமி இருந்தது, மீதி 43இல் இல்லை. அவ்வளவு கிருமியைச் சுமந்தவருக்கே நான்கில் ஒரு தடவை "இல்லை" என்றுதான் வந்திருக்கிறது. அதனால் ஒரே ஒரு தடவை இல்லை என்று வந்ததை வைத்து யாரையும் விட்டுவிடக் கூடாது.

எங்கள் வேலையில் இதுதான் பெரிய தலைவலி. "டைபாய்டு டெஸ்ட்" என்றாலே மக்கள் வைடால் டெஸ்டைத்தான் கேட்கிறார்கள். வைடால் பார்ப்பது ரத்தத்தில் இருக்கும் எதிர்ப்பொருளை. பழைய காய்ச்சல், தடுப்பூசி, வேறு கிருமி எதனாலும் அது ஏறும். கேரியரைக் கண்டுபிடிக்க அது உதவாது. மலத்தைக் கல்ச்சர் செய்ய வேண்டும், அதாவது கிருமியை உயிரோடு வளர்த்துப் பார்க்க வேண்டும். மலத்தில் கோடிக்கணக்கான வேறு கிருமிகளும் இருப்பதால், அவற்றை அடக்கி டைஃபியை மட்டும் வளரவிடும் திரவத்தில் முதல் நாள் போட்டு, மறுநாள் தட்டில் பரப்பி, சந்தேகப்படும்படி வளர்ந்ததை எடுத்து உறுதிசெய்ய மூன்று நான்கு நாள் ஆகும். ஆன்டிபயாடிக் சாப்பிட்டுக்கொண்டே மலம் கொடுத்தால் கிருமி இருந்தும் வளராது. மருந்தை நிறுத்தி இரண்டு நாளாவது போக வேண்டும். அப்புறம், குறைந்தது மூன்று தடவை, வேறு வேறு நாளில்.

ஹோட்டல், கேட்டரிங் ஆட்களுக்கு வருஷத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனையும் டைபாய்டு தடுப்பூசியும் உணவுப் பாதுகாப்பு விதிகளில் இருக்கிறது. தடுப்பூசி நல்லதுதான், போட்டுக்கொண்டவரைக் காப்பாற்றும். ஆனால் ஏற்கெனவே பித்தப்பையில் குடியிருக்கும் கிருமியை அது வெளியேற்றாது. ஊசி போட்ட சர்டிபிகேட்டைக் காட்டிவிட்டால் கேரியர் இல்லை என்று ஆகிவிடாது. இந்தக் குழப்பத்தை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

எல்லா டைபாய்டுக்கும் கேரியர்தான் காரணம் என்று நினைத்துவிடவும் கூடாது. சாக்கடைக்குள் ஓடும் குடிநீர்க் குழாய் விரிசல் விட்டு ஒரு தெருவே காய்ச்சலில் விழும்போது, முதல் காரணம் தண்ணீர்தான். குழாயைச் சரிசெய்யாமல் யார் கேரியர் என்று தேடுவது வீண். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்போல் சுத்திகரித்த தண்ணீர் வந்து, அது வீடுவரை சுத்தமாகவே வந்து சேர்ந்த பிறகும், ஒரே வீட்டில், ஒரே விடுதியில், ஒரே சமையல்கட்டைச் சுற்றி விட்டு விட்டு வருகிறதா? அப்போதுதான் கேரியரைத் தேட வேண்டும். அங்கொன்றும் இங்கொன்றுமாக, மாதக்கணக்கில் இடைவெளி விட்டு வருவதுதான் அடையாளம். தண்ணீரால் வந்தால் மொத்தமாக வரும்.

மேரியின் கதை எப்படி முடிந்தது என்றும் சொல்ல வேண்டும். சமையல் வேலைக்குப் போகமாட்டேன் என்று எழுதிக் கொடுத்த பிறகு 1910இல் அவரை விட்டார்கள். பிழைக்க வேறு சரியான வழி செய்துகொடுக்கவில்லை. துணி துவைக்கும் வேலையில் கூலி குறைவு. பெயரை மாற்றிக்கொண்டு மறுபடி சமையலுக்கே போனார். 1915இல் ஒரு பெண்கள் மருத்துவமனையில் 25 பேருக்கு டைபாய்டு வந்து இருவர் இறந்தபோது, சமையலறையில் இருந்தது அவர்தான். திரும்பவும் தீவு. 1938இல் சாகும்வரை, 23 வருஷம். தான் நோயாளி என்பதை அவர் கடைசிவரை நம்பவே இல்லை. அவர் உடம்பு அவரிடம் ஒருநாளும் அப்படிச் சொல்லவில்லையே, எப்படி நம்புவார்? அன்று ஆன்டிபயாடிக்கும் கிடையாது. பித்தப்பையை எடுத்துவிடலாம் என்றார்கள், அந்தக் காலத்தில் அது உயிருக்கே ஆபத்தான ஆபரேஷன். அவர் மறுத்தார்.

இன்று வழி இருக்கிறது. கிருமிக்கு சிப்ரோஃப்ளாக்சசின் கேட்கும் என்றால் நான்கு வாரம் கொடுத்தால் பெரும்பாலானவர்களுக்குப் போய்விடும். நம் நாட்டில் இப்போது அது கேட்காத கிருமிதான் அதிகம். அதனால் வளர்ந்த கிருமியின் மேலேயே எந்த மருந்து கேட்கும் என்று ஆய்வகத்தில் பார்த்துவிட்டுத்தான் டாக்டர் முடிவெடுக்க வேண்டும். கடையில் ஐந்து நாள் மாத்திரை வாங்கிப் போட்டால் படலத்துக்கு ஒன்றும் ஆகாது. கல் இருந்தால் மாத்திரை மட்டும் தோற்றுப்போகும் வாய்ப்பு அதிகம், பித்தப்பையை எடுக்க வேண்டிவரலாம். எடுத்த பிறகும் சிலருக்குக் கல்லீரலின் பித்தக்குழாய்களில் கொஞ்சம் தங்கிவிடுவதால், ஆபரேஷன் முடிந்தும் மலத்தைச் சோதிக்கத்தான் வேண்டும்.

அக்காவின் முதல் மலத்தில் ஒன்றும் வளரவில்லை. "பாத்தீங்களா, நான் சொல்லலை?" என்றார். இன்னும் இரண்டு தடவை வேண்டும் என்றதும் முகம் வாடிவிட்டது. ஒரு நாள் கூலி போகும், தர்மபுரிக்கு பஸ் செலவு. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவதில் இருந்தது. ஸ்கேனில் பித்தப்பையில் கல். சாப்பிட்ட பிறகு எப்போதாவது வலது விலாவுக்குக் கீழே பிடிக்கும், வாயு என்று நினைத்து ஓமத் தண்ணி குடித்துவிட்டு விட்டுவிடுவேன் என்று அப்போதுதான் சொன்னார். சிப்ரோ கேட்கவில்லை. வேறு மருந்து கொடுத்து, பித்தப்பையையும் எடுத்தார்கள்.

அவர் கேட்ட அடுத்த கேள்வி, "அப்போ எனக்கு வேலை போச்சா?" என்பது. டாக்டர் குழுவின் மாஸ்டரைக் கூப்பிட்டுப் பேசினார். முடிவு வரும்வரை நறுக்குவது, அரைப்பது, பரிமாறுவது வேண்டாம். கழிப்பறைக்குப் போய்வந்ததும் சோப்புப் போட்டு, நகக்கண்ணைத் தேய்த்துக் கழுவ வேண்டும். வீட்டில் சட்னியை மருமகள் அரைக்கட்டும். எண்ணெய்ச் சட்டியிலிருந்து வடையை அரித்தெடுப்பது, அரிசி உலை, பாத்திரம் கழுவுவது இதெல்லாம் செய்யலாம். கூலி அதேதான் என்று மாஸ்டர் ஒத்துக்கொண்டார்.

ஆபரேஷனுக்குப் பிறகு மாதம் ஒரு தடவை அக்கா வருகிறார். இதுவரை இரண்டு முறை ஒன்றும் வளரவில்லை. மூன்றாவது டப்பாவை நேற்று வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்.